பின்னந்தலையில் ஓர் உள்ளங்கை அகலம்

"மொட்டை போட்டிருக்கியே, பழனியா, திருப்பதியா?"

தம்பிக்கு சிகிச்சை நடந்த நாட்களில் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்டார்கள். அவனும் சளைக்காமல் ஒரு நாள் பழனி என்பான், மறுநாள் திருப்பதி என்பான். மொட்டைக்கு நம் ஊரில் மரியாதை உண்டு. சிக்கல் ஆரம்பித்தது முடி வளர்ந்த பிறகுதான். தலை முழுக்க வளர்ந்தது, பின்னந்தலையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வளரவில்லை. சிகிச்சை எல்லாம் முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இனி வளராது.

நான் படிப்பது இன்ஜினியரிங், மருத்துவம் இல்லை. ஆனாலும் இந்த இரண்டு வருடத்தில் டாக்டர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும், கையில் இருந்த காசைச் செலவழித்தும் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. முடிவில் ஒரு சண்டையும் இருக்கிறது.

அவனுக்கு வந்தது மெடுல்லோபிளாஸ்டோமா. சிறுமூளையில், அதாவது பின்னந்தலைக்கு உள்ளே, குழந்தைகளுக்கு வரும் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு, மொத்தம் 30 நாள். முதல் 13 நாள் தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் சேர்த்து 23.4 கிரே. (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு.) மீதி 17 நாள் கட்டி இருந்த பின்பகுதிக்கு மட்டும், அந்த இடத்துக்கு மொத்தம் 54 கிரே வரும்வரை. தலைக்கு மேலே ஓர் அளவு, பின்னால் இரண்டு மடங்குக்கும் மேல். மேலே முடி வந்ததும் பின்னால் வராததும் இந்தக் கணக்கால்தான்.

"கதிர் உள்ளே இருக்கிற கட்டிக்குத்தானே போகுது, தோலை ஏன் சுடணும்?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. கதிர் தோலில் நேராக இறங்கினால் மேல்தோல் ஓரளவு தப்பிக்கும், முழு வேகம் கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போனபிறகுதான் வரும். ஆனால் தலை உருண்டை. இரண்டு காதுப் பக்கமிருந்தும் கதிரை விட்டால், பின்னந்தலையின் வளைவை அது உரசிக்கொண்டே போகும். உரசுகிற இடத்தில் அந்தச் சலுகை கிடையாது. முடியின் வேர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. வேர்க்காலில் விழும் அளவு சுமார் 43 கிரே ஆனால் பாதிப் பேருக்கு முடி திரும்பாது என்று 2004-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 2020-ல் வந்த இன்னொன்று அந்த எல்லையை 36-க்கே இறக்கியது.

எப்போது "நிரந்தரம்" என்று தெரியும்? கதிர்வீச்சு தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் எல்லோருக்கும்தான் கொட்டும், அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கீமோவும் முடிந்து ஆறு மாதம் கழித்தும் வராத முடிதான் சந்தேகத்துக்கு உரியது. தோல் வழுவழுவென்று, முடித்துளையே தெரியாமல் இருந்தால் அநேகமாக முடிந்தது கதை. பூனைமுடி மாதிரி மெல்லிசாக இருந்தால் மினாக்ஸிடில் மருந்தை டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம், சிலருக்குக் கொஞ்சம் அடர்த்தி கூடுகிறது. எங்கள் வீட்டில் கரிசலாங்கண்ணித் தைலம் எட்டு மாதம் ஓடியது. வேரே இல்லாத இடத்தில் எண்ணெய் என்ன செய்யும்? தலையணை உறைதான் கறுத்தது :-)

சரி, மறைக்க என்ன வழி? எந்த இடத்தில் போயிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் எல்லோரும் சொல்வது முடி நடுதல். வழக்கமாக நடுவதற்கு முடி எடுப்பதே பின்னந்தலையிலிருந்துதான். தம்பிக்குப் போனதே அந்த இடம்! வேறு பக்கத்திலிருந்து எடுத்தாலும், கதிர் பட்ட தோலில் ரத்த ஓட்டம் குறைவு, இறுகியும் இருக்கும், நட்டதில் எத்தனை பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பெரியவன் ஆனபிறகு, முதலில் கொஞ்சம் நட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் டாக்டர்.

அடுத்தது தூவுகிற கெரட்டின் பொடி. விளம்பரத்தில் அற்புதமாக இருக்கும். ஆனால் அது இருக்கிற முடியில் ஒட்டிக்கொண்டுதான் அடர்த்தி காட்டும். வெறும் தோலில் தூவினால் கரி பூசிய மாதிரி இருந்தது, மத்தியானத்துக்குள் வியர்வையோடு சட்டைக் காலருக்கு இறங்கிவிட்டது. திட்டின் ஓரத்தில், முடி மெலிந்த இடத்தில் மட்டும் உருப்படியாக உதவுகிறது.

ஊசியால் புள்ளி புள்ளியாக நிறம் குத்துவதும் உண்டு. ஒட்ட வெட்டிய தலைக்கு முடி முளைத்தது போலவே தோன்றும். ஆனால் கதிர் பட்ட தோல் மெல்லியது, காயம் ஆற நாளாகும். கதிர்வீச்சு டாக்டரைக் கேட்காமல் அதில் ஊசி வைக்கக் கூடாது. வளரும் பையனுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பிறகு, திட்டின் அளவுக்கே செய்த சின்ன முடித்துண்டு. இதை நான் சிபாரிசு செய்வேன், ஒரு நிபந்தனையோடு: பசையோ டேப்போ அந்தத் தோலில் படக்கூடாது. சுற்றியுள்ள நல்ல முடியில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும், ராத்திரி கழற்ற வேண்டும். பெண் குழந்தை என்றால், சிகிச்சைக்கு முன்பே பின்னலை வெட்டிப் பத்திரப்படுத்தினால் அவள் முடியிலேயே துண்டு செய்துகொள்ளலாம். இது எங்களுக்குத் தாமதமாகத் தெரிந்த விஷயம்.

கடைசியாக, காசே ஆகாத வழி. திட்டுக்கு மேலே உள்ள முடியை வளர்த்துக் கீழே விடுவது. தம்பிக்கு ஒன்பது சென்டிமீட்டர் தேவைப்பட்டது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆக, ஒன்பது மாதம் பொறுத்தால் போதும். காற்றடித்தால் விலகும், நனைந்தால் தெரியும். மற்றபடி பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்பது மாதமும் ஆனது. அந்த வாரம் பள்ளியில் பி.டி. வாத்தியார் கத்தரிக்கோலோடு வரிசையில் வந்தார். "பொறுக்கி மாதிரி முடி" என்று எல்லாருக்கும் நடுவில் வெட்டிவிட்டார். வெட்டியபிறகுதான் திட்டைப் பார்த்தார். பாவம், அவரும் வாயடைத்துப் போனாராம். தம்பி வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த மூன்று நாள் பள்ளிக்கும் போகவில்லை.

டாக்டரின் கடிதத்தோடு நானும் அப்பாவும் தலைமையாசிரியரைப் பார்த்தோம். தனி அனுமதி தந்தார். நன்றிதான். ஆனால் என் கேள்வி அதற்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. இந்த இடத்தில் முடி திரும்பாமல் போகலாம் என்பது, கதிர்வீச்சுக்குக் கையெழுத்து வாங்கிய அன்றே டாக்டர்களுக்குத் தெரியும். பிறகு இதைக் கேட்டபோது டாக்டர் சொன்னார்: "சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களாம்மா?"

சொல்லியிருக்க மாட்டோம். உயிரா முடியா என்றால் உயிர்தான். ஆனால் எட்டு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருந்திருக்க மாட்டோம். கடிதத்தைப் பள்ளி திறந்த முதல் நாளே கொடுத்திருப்போம். தம்பி கண்ணாடியின் முன் "எப்பக்கா வரும்?" என்று கேட்டபோதெல்லாம் "வரும்டா" என்று நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். எந்த இடம், திரும்புமா, திரும்பாவிட்டால் என்ன செய்யலாம் — மூன்று வரி போதும். சிகிச்சைக்கு முன் நீங்களாகவே கேளுங்கள்.

இன்னொன்று. எதைக் கொண்டு மறைத்தாலும், மாதம் ஒருமுறை விலக்கி அந்தத் தோலைப் பாருங்கள். சின்ன வயதில் கதிர் பட்ட தோலில் வருடங்கள் கழித்துத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆறாத புண், புதுக் கட்டி எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வெயிலில் தொப்பியும் அதற்காகத்தான்.

தம்பிக்கு இப்போது நான்கு சென்டிமீட்டர் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கேல் வைத்து அளப்பது என் வேலை.