0.24 என்பது 24 விழுக்காடு அன்று

நம் பல்கலைக்கழகங்களில் சமர்ப்பிக்கப்படும் மருத்துவ, சமூக அறிவியல் ஆய்வேடுகளில் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் அட்டவணைகளுக்குக் குறைவில்லை. கெழு, திட்டப்பிழை, p மதிப்பு, ஆட்ஸ் ரேஷியோ ஆகிய அனைத்தும் அவற்றில் வரிசையாக இருக்கும். ஆனால், வாய்மொழித் தேர்வில், “ஐம்பது வயதுள்ள ஒருவருக்கு இந்நோய் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?” என்று தேர்வாளர் கேட்டால், பெரும்பாலும் மௌனமே விடையாகிறது. குறை மாணவரிடம் மட்டும் இல்லை. அட்டவணையோடு ஆய்வை முடித்துக்கொள்ளும் வழக்கத்திலும் இருக்கிறது.

ஹாஸ்மர், லெமெஷோ ஆகியோரின் ‘அப்ளைடு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்’ நூலின் முதல் எடுத்துக்காட்டையே இங்கே எடுத்துக்கொள்ளலாம். 100 பேரின் வயதும், அவர்களுக்கு இதயத் தமனி நோய் உண்டா இல்லையா என்பதும் மட்டுமே தரவு. அவர்களுள் 43 பேருக்கு நோய் உண்டு. கிடைக்கும் சமன்பாடு:

```
log odds = -5.309 + 0.111 × AGE
```

வயது 50 எனில், முதற்படி பெருக்கலும் கூட்டலும்தான். 0.111 × 50 = 5.55. அதனோடு −5.309 என்னும் மாறிலியைச் சேர்த்தால் 0.241. இது நிகழ்தகவு அன்று. ஆட்ஸின் இயல் மடக்கை. இரண்டாம் படியில் மடக்கையை நீக்க வேண்டும். e-இன் அடுக்காக 0.241-ஐ இட்டால் 1.27 கிடைக்கும். நோயில்லாத ஒருவருக்கு நோயுள்ளவர் 1.27 பேர் என்பது இதன் பொருள். மூன்றாம் படியில், இருவகையினரும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். 1.27 / (1 + 1.27) = 0.56. ஆக, நிகழ்தகவு 56 விழுக்காடு.

முதற்படியிலேயே நின்றுவிடுவோர் பலர். R மென்பொருளில் `predict()` கட்டளையை வெறுமனே இட்டால் அது தருவது மடக்கை ஆட்ஸையே. `type = "response"` என்று சேர்த்தால்தான் நிகழ்தகவு வரும். ஐம்பது வயதினருக்குத் திரையில் தோன்றும் ஏறத்தாழ 0.24 என்னும் எண், பார்வைக்கு நிகழ்தகவு போலவே இருக்கும். அதை 24 விழுக்காடு என்று எழுதிவிட்டால் எவருக்கும் ஐயம் எழாது. பிழையைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு: முப்பது வயதுக்கும் கணித்துப் பார்ப்பது. −1.979 என்று எதிர்மறை எண் வரும். நிகழ்தகவு ஒருபோதும் சுழியத்துக்குக் கீழே போகாது.

அடுத்த பிழை இன்னும் நுட்பமானது. பத்து ஆண்டுக்கான ஆட்ஸ் ரேஷியோ, e-இன் 1.11 அடுக்கு, அதாவது 3.03. இதைக் கண்டதும், “பத்து வயது கூடினால் நோய்க்கான வாய்ப்பு மும்மடங்காகிறது” என்று முடிவுரையில் எழுதிவிடுகின்றனர். மும்மடங்காவது ஆட்ஸ், நிகழ்தகவு அன்று. 30 வயதில் 12 விழுக்காடாக இருப்பது 40 வயதில் 30 விழுக்காடாகிறது. 50 வயதில் 56 விழுக்காடாக இருப்பது 60 வயதில் 79 விழுக்காடாகிறது. ஒரே ஆட்ஸ் ரேஷியோ முதல் இணையில் இரண்டரை மடங்காகவும், இரண்டாவதில் ஒன்றரை மடங்குக்கும் குறைவாகவும் வெளிப்படுகிறது. 56-ஐ மூன்றால் பெருக்கினால் 168 விழுக்காடு வரும் என்பதே அந்த வாசகத்தின் அபத்தத்தைக் காட்டப் போதுமானது.

இதனால்தான், ஆட்ஸ் ரேஷியோவை மட்டும் அச்சிட்டு மாறிலியை விட்டுவிடும் அட்டவணை, தனி ஒருவரைப் பற்றி எதுவும் சொல்லாத அட்டவணை ஆகிறது. தொடக்கப்புள்ளி தெரியாமல் எத்தனை மடங்கு என்பது மட்டும் தெரிந்து பயனில்லை. கெழுவை அளவுக்கு மீறி முழுமையாக்குவதும் அதே கேட்டையே விளைவிக்கும். 0.111 என்பதை 0.1 என்று சுருக்கினால், அதே ஐம்பது வயதினரின் நிகழ்தகவு 42 விழுக்காடாகச் சரிந்துவிடுகிறது.

மாறிலி இருந்தும் பயன்படாத இடமும் ஒன்று உண்டு. நோயுள்ளோரையும் இல்லாதோரையும் ஆய்வாளரே தனித்தனியே தெரிவுசெய்யும் நோயர்–ஒப்பீட்டு ஆய்வில், மாறிலி காட்டுவது மக்கள்தொகையின் நோய் அளவை அன்று. ஆய்வாளர் எடுத்த விகிதத்தையே. அங்கே ஆட்ஸ் ரேஷியோ நிற்கும். தனிநபர் நிகழ்தகவு நிற்காது. அவ்வாறான ஆய்வேட்டில் அதைக் கணிக்காமல் விடுவதே நேர்மை.

மற்ற ஆய்வேடுகளில், வகைக்கு ஒருவராக இரண்டு மூன்று பேருக்கேனும் இம்மூன்று படிகளையும் எழுதிக்காட்ட வேண்டும்; நம்பிக்கை இடைவெளியையும் தர வேண்டும். அதை மடக்கை அளவிலேயே கணித்து, இரு முனைகளையும் பிறகு மாற்றுவதே முறை. மேற்கண்ட ஐம்பது வயதினருக்கு அது −0.26 முதல் 0.74 வரை, நிகழ்தகவாக 43.5 முதல் 67.7 விழுக்காடு வரை. பாதிக்குக் கீழும் மேலும் பரவி நிற்கும் இந்த இடைவெளியைக் கண்ட பிறகு, “இவருக்கு நோய் இருக்கும்” என்று உறுதியாக எழுத எந்த ஆய்வாளருக்கும் கை வராது. அந்தத் தயக்கத்தை ஆட்ஸ் ரேஷியோ அட்டவணை ஒருபோதும் தருவதில்லை.