முதல் சான்றிதழ்: காப்பதா, ஊடுருவுவதா?

என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற மாணவர் ஒருவர், கணினித்துறை டிப்ளோமாவை முடித்த கையோடு கடந்த வாரம் தம் தாயாருடன் இல்லம் வந்திருந்தார். வேலை அனுபவம் ஏதுமில்லை. "ஐயா, ஹேக்கிங் சான்றிதழ்தான் எடுப்பேன் என்று நிற்கிறான். கட்டணமோ ஆயிரக்கணக்கில் வருகிறது. கட்டலாமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

இப்போது கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவர் விரும்பியது ஓ.எஸ்.சி.பி. அது தாக்குதல் முறையை மையமாகக் கொண்ட தேர்வு. 23 மணி 45 நிமிடத்தில், முன்பின் அறியாத கணினிகளுக்குள் ஊடுருவ வேண்டும். அடுத்த 24 மணி நேரத்தில் செய்தவற்றை அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். 100க்கு 70 புள்ளிகள் பெற்றால் தேர்ச்சி. உள்ளே நுழைந்துவிட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. உரிய கோப்பின் உள்ளடக்கமும் கணினி முகவரியும் தெரியும் திரைப்பிடிப்பை அறிக்கையில் இணைக்காவிட்டால் புள்ளி போய்விடும். கட்டுரை எழுதச் சோம்பல்படும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்!

நான் பரிந்துரைத்தது செக்யூரிட்டி பிளஸ். எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராத பொதுநிலைத் தேர்வு அது. 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 வினாக்கள். 900க்கு 750 பெற வேண்டும். இரண்டாண்டு அனுபவம் இருந்தால் நல்லது என்கிறார்களே தவிர, கட்டாயமில்லை. கட்டணமும் மற்றதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

ஆனால் பணத்தைக் காட்டிலும் முக்கியமானது வேலையின் தன்மை. புதியவருக்கு முதலில் கிடைக்கக்கூடிய பணி, பெரும்பாலும் கண்காணிப்பு மையத்தில் சுழல்நேர முறையில் அமர்ந்து பதிவேடுகளைப் பார்ப்பதே. வாடிக்கையாளரின் கணினியை உடைத்துப் பார்க்கும் பொறுப்பை, அனுபவமற்ற ஒருவரிடம் எந்த நிறுவனமும் எளிதில் ஒப்படைக்காது. மாணவரிடம் இந்த மூன்று வரிகளை எழுதிக் காட்டினேன்:

```
Failed password for admin from 203.0.113.7 port 51514 ssh2
Failed password for admin from 203.0.113.7 port 51516 ssh2
Accepted password for admin from 203.0.113.7 port 51520 ssh2
```

"யாரோ கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்திருக்கிறார்கள், ஐயா" என்றார். நன்று. அடுத்து என்ன செய்வீர்கள் என்றேன். "கணினியை அணைத்துவிடுவேன்" என்றார். அங்கேதான் தவறு. அணைத்தால் நினைவகத்தில் உள்ள தடயங்கள் அழிந்துவிடும். முதலில், கடவுச்சொல்லை மறந்து தட்டச்சு செய்தவர் கணக்கின் உரிமையாளரேதானா என்று உறுதிசெய்ய வேண்டும். இரண்டே தோல்விகள் என்றால் அப்படியும் இருக்கலாம். நூற்றுக்கணக்கில் தோல்விகள் வரிசையாக வந்திருந்தால் ஐயம் வலுக்கும். பிறகு கணினியை வலைப்பின்னலிலிருந்து துண்டித்து, கணக்கை முடக்கி, நேரத்தைக் குறித்து, மேலதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். ஊடுருவும் வழியை மட்டும் பயின்றவருக்கு முதல் வரிகள் புரியும்; இந்த வரிசை புரியாது. செக்யூரிட்டி பிளஸ் பாடத்திட்டத்தில் இது தனிப் பகுதியாகவே உண்டு.

அத்தேர்விலும் குறையில்லாமல் இல்லை. பெரும்பகுதி தெரிவு வினாக்கள் என்பதால், ஒரு பதிவேட்டையும் நேரில் பார்க்காமல் மனனம் செய்தே தேறிவிடலாம். நம் யு.பி.எஸ்.ஆர். காலத்து நோய்தான்! நேர்காணலில் அது வெளிப்பட்டுவிடும். ஆகவே வீட்டிலேயே ஒரு சிறு பயிற்சிக்கூடம் வேண்டும்: ஒரே கணினிக்குள் இரண்டு மெய்நிகர் கணினிகள். ஒன்றில் காலி லினக்ஸ். அதிலிருந்து மற்றதான உபுண்டுவைத் தாக்கிப் பார்ப்பது. பின் உபுண்டுவில் `/var/log/auth.log` கோப்பைத் திறந்து, தம் தாக்குதல் எப்படிப் பதிவாகியுள்ளது என்று படிப்பது. அனுமதியின்றி வெளியார் கணினியில் இதைச் செய்தால் நம் நாட்டில் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். பள்ளி இணையத்தளமும் அதில் அடங்கும் என்று சொல்லி வைத்தேன்.

ஓ.எஸ்.சி.பி. எப்போது? வழிகாட்டிக் குறிப்பைப் பார்க்காமல் பயிற்சிக் கணினிகள் சிலவற்றில் நுழைந்து, அடுத்தவர் படித்து அப்படியே செய்து பார்க்கும் அளவுக்கு ஒவ்வொரு படியையும் எழுத முடிகிறதா? முடிந்தால் பணம் கட்டலாம். ஏற்கெனவே அந்நிலையில் இருக்கும் மாணவர்களும் உண்டு. அவர்களை நான் தடுக்க மாட்டேன். முடியாதவர் கட்டினால், கட்டணத்துடன் கிடைக்கும் 90 நாள் பயிற்சிக்காலம் அடிப்படையைக் கற்பதிலேயே கரைந்துவிடும்.

மாணவருக்கு முழுச் சம்மதமில்லை. ஆயினும் தம் பழைய மடிக்கணினியில் முயன்று பார்ப்பதாகச் சொன்னார். அதில் நினைவகம் 4 ஜிகாபைட்தானாம். இரண்டு மெய்நிகர் கணினிகளுக்கு அது போதாது. முதலில் அதை 8 ஆக்கித் தாருங்கள் என்று அம்மாவிடம் கூறி அனுப்பினேன்.