ஐந்து நொடியில் அடங்காத எச்சரிக்கை

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்களின் இறுதியில் வரும் எச்சரிக்கை வாசகம் கேட்பவருக்குப் புரியாத வேகத்தில் ஓடி மறைவதைத் தடுக்கும் நோக்கில், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, ஒளி-ஒலி விளம்பரங்களில் அது குறைந்தது 5 நொடிகளுக்குத் திரையில் தெரியவும் குரலில் ஒலிக்கவும் வேண்டும் என்று 2008இல் வரையறுத்தது. அதன் விளம்பர விதி, 14 சொற்கள் கொண்ட வாசகம் 5 நொடி ஒலித்தால் அதைத் தெளிவானதாகக் கொள்ளலாம் என்று எடுத்துக்காட்டுகிறது. அந்த 14 சொற்கள் ஆங்கில வாசகத்தின் சொற்கள் என்பதே தமிழ் விளம்பர எழுத்தாளர் முதலில் கவனிக்க வேண்டியதாகும்.

'மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை, திட்டம் தொடர்பான அனைத்து ஆவணங்களையும் கவனமாகப் படிக்கவும்' என்னும் தமிழ் வடிவத்தில் 12 சொற்களே உள்ளன. ஆனால் பேச்சின் நீளத்தைத் தீர்மானிப்பது சொல்லெண்ணிக்கை அன்று. ஓர் உயிரொலியை மையமாகக் கொண்டு ஒரே முயற்சியில் உச்சரிக்கப்படும் ஒலியசையின் எண்ணிக்கையே ஆகும். வேற்றுமை உருபுகளும் விகுதிகளும் சொல்லோடு ஒட்டி நிற்பதால், ஆங்கிலத்தில் ஏறத்தாழ 26 ஆக இருக்கும் ஒலியசைகள் தமிழில் ஏறத்தாழ 46 ஆகின்றன. இதை 5 நொடியில் முடிக்க நொடிக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட அசைகளை உச்சரிக்க வேண்டும். விதியின் எண் நிறைவேறினாலும் 'அபாயங்களுக்கு' என்ற சொல் காதில் தங்காது.

எனவே எச்சரிக்கையை முதலில் எழுதி, எஞ்சிய நேரத்திற்கு விற்பனை வசனத்தை அமைப்பதே முறை. 20 நொடித் தொலைக்காட்சி விளம்பரத்தில் நொடிக்கு 6 அசை என்ற நிதானமான வேகத்தைக் கொண்டால், எச்சரிக்கைக்கு ஏறத்தாழ 8 நொடியும் அதற்கு முந்தைய மௌனத்திற்கு அரை நொடியும் போக, விற்பனைக்கு 11.5 நொடி, அதாவது 69 அசைகளே கிடைக்கும். அதற்குள் அடங்காத வசனத்தில் குறைக்க வேண்டியவை 'பிரகாசமான', 'பாதுகாப்பான' போன்ற அடைமொழிகளே; எச்சரிக்கை வாசகத்தில் சொற்களைக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை.

வாசகம் மாறாதபோது இயல்பு அதன் சுற்றுப்புறத்திலிருந்துதான் வர வேண்டும். விற்பனைப் பகுதியின் கடைசி வாக்கியம் உச்சக்குரலில் முடிந்தால், அடுத்து வரும் எச்சரிக்கை வேறொருவர் குறுக்கிட்டதுபோல் ஒலிக்கும். அந்த வாக்கியம் தணிந்த குரலில் முடிந்து, அதே குரல் எச்சரிக்கையிலும் தொடர்ந்து, 'உட்பட்டவை' என்பதன்பின் சிறிது நின்றால், அபாயமும் ஆவணமும் தனித்தனிச் செய்திகளாகப் பதியும். பதிவுக்குப்பின் மென்பொருளால் மூச்சொலியை வெட்டி வேகத்தைக் கூட்டுவது இந்த நிறுத்தத்தையே முதலில் அழித்துவிடுகிறது.

விளம்பரத்தை முன்பு கேட்டிராத ஒருவர் ஒரே முறை கேட்டபின் இவ்விரு செய்திகளையும் திருப்பிச் சொல்ல இயலாவிட்டால், குறை வாசித்தவரிடம் அன்று, நேரத்தைப் பங்கிட்ட எழுத்திலேயே இருக்கிறது. ஒழுங்குமுறையும் ஒரு மொழியின் சொற்களை எண்ணி எல்லா மொழிகளுக்கும் நொடியை உதாரணமாக்குவதை விடுத்து, அந்தந்த மொழியின் பேச்சு நீளத்திற்கேற்பக் குறைந்தபட்ச நேரத்தை வகுப்பதே பொருத்தமாகும்.