அமைதியாக இருக்கும் திரையை நம்பலாமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது, மலையகத்தின் பல ஊர்களில் மண்சரிவோடு மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே அறுந்தன. புயல் இல்லாத நாட்களிலும் இங்கே கறன்ட் போனால், சிறிது நேரத்தில் தொடர்பும் போய்விடுகிறது. தோட்டங்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் சிறிய நிறுவனம் தன் கருவிகளைக் கண்காணிக்கும் முறையை இதை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

1988இல் முதன்முதலில் வரையறுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. நெறிமுறை இரண்டு வழிகளைத் தருகிறது. ஹட்டன் அலுவலகத்திலுள்ள சேர்வர் ஒவ்வொரு கருவியையும் குறித்த இடைவெளியில் விசாரித்துப் பதில் வாங்குவது போலிங். ஏதாவது நடந்தால் கருவி தானாகவே செய்தி அனுப்புவது ட்ராப். ட்ராப் உடனே வரும், இணைப்புக்கும் சுமை தராது என்று பலர் அதையே நம்பியிருக்கிறார்கள். மலையகத்தில் அந்த நம்பிக்கை ஆபத்தானது.

ஓர் உதாரணம். ஹட்டனிலிருந்து நோர்வூட் பக்கத்து மலைமுகட்டிலுள்ள ஒரு வயர்லெஸ் கோபுரத்துக்கு இணைப்பு. அங்கிருந்து பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்ட அலுவலகங்களுக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் இணைப்புப் போகிறது. மொத்தம் 40 கருவிகள். நள்ளிரவில் முகட்டில் மின்சாரம் நின்று, விடியுமுன் பற்றரியும் தீர்கிறது. அணைந்த கருவியால் தான் அணைந்ததைச் சொல்ல முடியாது. அதற்கு அப்பாலுள்ள கருவிகள் ட்ராப் அனுப்பினாலும் அது கடந்துவர வேண்டிய பாதை அந்த முகடுதான். ட்ராப்பை மட்டும் நம்பிய சேர்வரின் திரை அமைதியாக இருக்கும். எல்லாம் நலமாக இருக்கும் இரவிலும் அது அப்படித்தான் இருக்கும்.

ட்ராப் போய்ச் சேர்ந்ததா என்று கருவிக்குத் தெரியாது. பெற்றுக்கொண்டதற்குப் பதில் கேட்கும் ‘இன்ஃபோர்ம்’ வகைச் செய்தி இடையில் தொலைந்தால் மீண்டும் அனுப்பப்படும். ஆனால் பாதை நெடுநேரம் அறுந்திருந்தால் அந்த முயற்சிகளும் தீர்ந்துபோகும். போலிங் அப்படியல்ல. பதில் வராததே அங்கே செய்தி. மழையில் ஓரிரு பொதிகள் தொலைவது சகஜம் என்பதால், நிமிடத்துக்கு ஒருமுறை விசாரித்து, தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லாவிட்டால் எச்சரிக்கை எழுப்பலாம். மூன்று நான்கு நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும்.

போலிங் இணைப்பைத் தின்றுவிடும் என்ற பயத்தைக் கணக்குப் போட்டே தீர்க்கலாம். ஒரு கருவியிடம் பத்து விவரங்களை ஒரே கேள்வியில் கேட்டால், கேள்வியும் பதிலும் சேர்ந்து சுமார் ஒரு கிலோபைட். 40 கருவிகளுக்கு நிமிடத்துக்கு 40 கிலோபைட். அதாவது விநாடிக்கு ஐந்தரை கிலோபிட்டுக்கும் குறைவு. மாதத்துக்குச் சுமார் 1.7 ஜிகாபைட் ஆகிறது. அளந்து பணம் கட்டும் 4ஜி இணைப்பில் மட்டும் இது உறுத்தும். அங்கே இடைவெளியை ஐந்து நிமிடமாக்கினால் ஐந்தில் ஒரு பங்குதான்.

இரண்டு விசாரிப்புகளுக்கு நடுவே கருவி அணைந்து எழுந்தால் போலிங் அந்தக் கணத்தைப் பார்க்காது. ஆனால் தடயம் இருக்கும். கருவியின் எஸ்.என்.எம்.பி. பகுதி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதை `sysUpTime` சொல்கிறது. அந்த எண் முன்பைவிடக் குறைந்திருந்தால் இடையில் கருவியோ அந்தப் பகுதி மட்டுமோ அணைந்து எழுந்திருக்கிறது. சுமார் 497 நாளில் அது தானாகவே பூச்சியத்துக்குத் திரும்பும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மெல்ல நடக்கும் கேடும் போலிங்கில்தான் தெரியும். நிழல் மரம் ஒன்று பாதைக்குள் வளர்ந்தால் சமிக்ஞை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எல்லை வகுத்துக் கொடுக்காத கருவி அதற்கு ட்ராப் அனுப்பாது. சேமித்த அளவுகளின் வரைபடம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ட்ராப்புக்கு இங்கே ஒரு பெரிய வேலை உண்டு. முகட்டிலுள்ள யூ.பி.எஸ். பற்றரிக்கு மாறும்போது இணைப்பு இன்னும் உயிரோடிருக்கும். செய்தி கடந்துவர வழி உண்டு. 1994இல் வந்த யூ.பி.எஸ். தரநிலைப்படி, `upsTrapOnBattery` என்ற அந்தச் செய்தி பற்றரியில் ஓடும் வரை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்பப்படும். ஒன்று தொலைந்தாலும் அடுத்தது வரும். பற்றரி தீருமுன் ஜெனரேட்டரோடு ஆளை அனுப்ப அந்த அவகாசம் போதும். வாங்கும் யூ.பி.எஸ். இந்தத் தரநிலைக்கு உட்பட்டதா என்று விலை பேசும்போதே கேட்க வேண்டும்.

எனவே போலிங்கே அடித்தளமாக இருக்கட்டும். ட்ராப் வந்ததும் அந்தக் கருவியை உடனே விசாரிக்குமாறு நிறுவனம் சேர்வரை அமைக்கட்டும். முகடு விழுந்தால் அதற்கு அப்பாலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் தனித்தனியே எச்சரிக்கை வராமல், எது எதன் வழியாக வருகிறது என்பதையும் பதிந்துவைக்கட்டும். ஹட்டன் சேர்வரே அணைந்தால் சொல்ல, கொழும்பிலோ வேறு ஊரிலோ இன்னொரு கணினி அதை விசாரிக்கட்டும். மாதம் ஒருமுறை யூ.பி.எஸ்.ஸின் மின் இணைப்பைக் கழற்றி, ட்ராப் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சேர்வரின் முகவரி மாறிய நாளிலிருந்து ட்ராப் எங்கோ போய்க்கொண்டிருந்தால், இந்தச் சோதனையில் மட்டுமே அது அகப்படும்.