நோய் தீர்ந்த பின் வகுப்பில் பின்தங்கும் குழந்தை

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று முடித்த குழந்தை தாராவியிலுள்ள மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கோ, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் ஆங்கிலப் பள்ளிக்கோ திரும்பி வரும்போது, அனைவரும் மகிழ்வது இயல்பே. தலைமுடி வளர்ந்துவிட்டது, காய்ச்சல் இல்லை, குழந்தை ஓடியாடுகிறது. விடுபட்ட பாடங்களைக் கற்பித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று பள்ளி கருதுகிறது. இக்கருத்துத் தவறானது. இக்குழந்தைகளுள் ஒரு சாராருக்குத் தொல்லை தோன்றுவது பள்ளிக்குத் திரும்பிய நாளிலன்று. இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்தேயாகும்.

இதன் காரணத்தை அறிவது கடினமன்று. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் இரத்தப் புற்றுநோயின் அணுக்கள் மூளையைச் சூழ்ந்த நீரில் ஒளிந்துகொள்ளும். இரத்தத்தில் செலுத்தும் மருந்துகள் பல அங்கு போதிய அளவிற் சென்றெட்டுவதில்லை. ஆகவே முதுகெலும்பினூடே மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்தை ஊசியால் ஏற்றுவர். தலைக்குக் கதிர்வீச்சும் அளிப்பர். 1980களில் தொடங்கி மும்பை, சென்னை, டில்லி ஆகிய இடங்களில் கையாளப்பட்ட ‘எம்.சி.பி. 841’ என்ற சிகிச்சை முறையில் தலைக்கு 18 கிரே அளவு கதிர்வீச்சு இடம் பெற்றிருந்தது. உயிரைக் காத்த இம்முறையைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் மூளையின் ஒரு பகுதியினின்று மற்றொரு பகுதிக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்பிழைகளின் உறை வளர்ந்துவரும் பருவத்தில் கதிர்வீச்சு அவ்வளர்ச்சியைத் தடைப்படுத்துகிறது. சிகிச்சையின்போது வயது எவ்வளவு குறைவோ, அவ்வளவு தீங்கு மிகுதி. இக்காலத்திய சிகிச்சை முறைகளில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தலைக் கதிர்வீச்சு தவிர்க்கப்படுகிறது; அதனால் தீங்கு குறைந்துள்ளதே தவிர, முற்றும் ஒழியவில்லை. மூளைக் கட்டிக்குச் சிகிச்சை பெற்றவர்களின் நிலை வேறு. கட்டியிருந்த இடத்திற்கு 54 கிரே வரையிலும் அளிக்க நேர்வதுண்டு.

குழந்தை கற்றதை இழந்துவிடுவதாக எண்ணுதல் கூடாது. புதியதைக் கற்கும் வேகம் குறைகிறது, அவ்வளவே. ஒத்த வயதினர் மூன்றடி செல்லும்போது இக்குழந்தை இரண்டடி செல்கிறது. முதல் வகுப்பில் இவ்வேறுபாடு புலப்படாது. பல படிகளை நினைவில் நிறுத்திச் செய்யும் வகுத்தலும், கரும்பலகையைப் பார்த்து விரைந்து எழுதுதலும் வரும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில்தான் அது வெளிப்படுகிறது. அதற்குள் நோயைப் பற்றி அறிந்திருந்த ஆசிரியர் மாறியிருப்பார். புதிய ஆசிரியர் ‘சோம்பேறி’ என்று முடிவு கட்டுகிறார். தந்தையோ மேலும் ஒரு டியூஷனுக்கு அனுப்புகிறார். களைத்த குழந்தை மேலும் களைப்பதே கண்ட பலன்.

பாடம் விட்டுப்போனதையும் வேகம் குறைந்ததையும் ஆசிரியர் எவ்வாறு பிரித்தறிவது? நான்கு வயதில் நோயுற்று, ஏழு வயதில் சிகிச்சை முடிந்து, இப்போது நான்காம் வகுப்பில் பயிலும் இரு சிறுமியரை எண்ணிப் பார்க்கலாம். இருவருக்கும் இருபது நிமிடத்திற் செய்யப் பத்துக் கணக்குகள் கொடுக்கப்படுகின்றன. இருவரும் ஐந்து மதிப்பெண்ணே பெறுகின்றனர். மதிப்பெண் ஏட்டில் இருவரும் ஒன்றே. விடைத்தாளிலோ வேறுபாடு தெரிகிறது. முதற் சிறுமி பத்தையும் முயன்று ஐந்தைத் தவறாகச் செய்திருக்கிறாள். மேலும் பத்து நிமிடம் கொடுத்தும் அத்தவறுகள் திருந்தவில்லை. அவளுக்கு வேண்டுவது விட்டுப்போன பாடம். இரண்டாமவள் ஐந்தே கணக்குகளைச் செய்து, ஐந்தையும் சரியாகச் செய்திருக்கிறாள். கூடுதல் நேரத்தில் மீதியையும் முடித்துவிடுகிறாள். அறிவு உண்டு, வேகம் இல்லை. இவளுக்கு அதே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கற்பிப்பது வீண். குறைந்த எண்ணிக்கையில் கணக்குகள், கூடுதல் நேரம், கரும்பலகைக் குறிப்பின் படி, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை ஆகியவையே இவளுக்கு உதவுவன. ஒரு நாட் சோதனையைக் கொண்டு முடிவு செய்தலாகாது; சில வாரங்கள் கழித்து வேறு கணக்குகளுடன் மீண்டும் பார்க்க வேண்டும். கண்ணையும் செவியையும் சோதிக்கச் செய்வதும் தேவை. சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து பெற்றவர்களுக்குச் செவிப்புலன் குறைந்திருக்கக் கூடும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் இடம் பெறாத குழந்தையையும், படிப்பை இடையில் நிறுத்திய குழந்தையையும் வயதுக்கேற்ற வகுப்பிற் சேர்க்கவும், தனிப் பயிற்சி அளிக்கவும் வழி செய்கிறது. ஆனால் அப்பயிற்சி பின்தங்கிய பாடத்தை ஈடு செய்வதற்கென்றே ஏற்பட்டது. ஆண்டுகள் கழித்துத் தோன்றும் குறைக்கு அது மருந்தாகாது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் பெறச் சான்றிதழ் வேண்டும். கற்றல் குறைபாட்டைச் சோதிக்கும் பிரிவு சயான் மருத்துவமனையில் உண்டு. தாராவிக்கு அது அண்மையிலேயே உள்ளது. இச்சோதனை எம்மொழியில் நடைபெறுகிறது என்பதைப் பெற்றோர் கேட்டறிதல் நன்று. தமிழில் பயிலும் குழந்தையை வேறு மொழியிற் சோதித்தால், மொழியறியாமை மூளையின் குறையாகப் பதிவாகிவிடும்.

டாட்டா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தவர்களுக்கென 1991ஆம் ஆண்டு முதல் ‘ஏ.சி.டி.’ என்ற தனிப் பிரிவு இயங்கிவருகிறது. மருத்துவர் அங்கு குழந்தையைக் காண்பது ஆண்டில் ஒரு சில முறையே. ஆசிரியரோ நாள்தோறும் காண்கிறார். மேற்கூறிய இரு விடைத்தாள்களையும், எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்து, அடுத்த வருகையின்போது பெற்றோர் கையிற் கொடுத்தனுப்பலாம். வகுப்புத் தேர்வில் பத்து நிமிடம் கூட்டித் தருவதற்கோ எவருடைய சான்றிதழும் தேவையில்லை. அது அன்றே செய்யத் தக்கது.