பிசாசின் திருகாணி

மறைந்துபோன விலங்கு என்றதும் நம் கண்முன் நிற்பது எலும்புக்கூடுதான். ஆனால் அது எப்படி வாழ்ந்தது என்பதை எலும்பைவிட அதன் காலடித் தடமும் வளையுமே நன்கு சொல்லும் என்பது என் எண்ணம். ஒரு நிபந்தனை: அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், திருகாணி வடிவில் மண்ணுக்குள் இறங்கும் கல் உருவங்கள் உண்டு. 2 மீட்டருக்கும் மேலான ஆழம். அடியில் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த நீண்ட அறை. அவ்வூர்ப் பண்ணையார்கள் இவற்றைப் பிசாசின் திருகாணி என்றார்கள். 1892-இல் புவியியலறிஞர் எர்வின் பார்பர் இவற்றுக்கு டைமோனெலிக்ஸ் என்று பெயரிட்டார். அப்பகுதி முன்பு பெரிய ஏரியாயிருந்தது என்று நம்பியதால், முதலில் இவற்றை நன்னீர்ப் பஞ்சுயிரி என்றார். பின்பு சுவர்களில் தாவரத் திசுக்களைக் கண்டு, செடியே என்று சாதித்தார்.

அடுத்த ஆண்டே வியன்னாவின் தியோடர் ஃபுக்ஸ், "இது கொறித்துண்ணி தோண்டிய வளை" என்றார். உள்ளே கொறித்துண்ணியின் எலும்புக்கூடும் கிடைத்திருந்தது. ஆயினும் பார்பர் இணங்கவில்லை.

அவரைப் பார்த்து நகைப்பது எளிது. நான் நகைக்க மாட்டேன். வளைக்குள் கிடந்ததெல்லாம் வளையைத் தோண்டியது ஆகிவிடுமா? எலி வளையில் பாம்பு குடியிருப்பதை நாம் கண்டதில்லையா? இதே திருகு வளை ஒன்றில் சோடியோலெஸ்டெஸ் என்னும் ஊனுண்ணியின் எலும்புக்கூடும் பின்னாளில் கிடைத்தது. இரைதேடி நுழைந்த விருந்தாளியாக இருக்கலாம்!

ஆக, உடல் போதாது, கைரேகை வேண்டும். அது சுவரிலேயே இருந்தது. 1977-இல் லாரி மார்ட்டினும் டெப் பென்னட்டும் சுவர்களிலுள்ள அகலமான கீறல்களை ஆராய்ந்தனர். அவை பேலியோகாஸ்டர் என்னும் சிறு பீவரின் முன்பற்களுக்குப் பொருந்தின. கூடவே நகக் கீறல்களும் இருந்தன. அப்படியானால் பார்பர் கண்ட தாவரத் திசு? அதுவும் பொய்யன்று. ஈரம் தேடி வளையின் சுவருக்குள் புகுந்த வேர்கள் அவை. அவர் கண்டது சரி, கொண்ட முடிவுதான் தவறு.

இன்றைய பீவர் ஆற்றில் அணை கட்டும். அதன் இந்த உறவினமோ, 2 கோடி ஆண்டுகளுக்கும் முன், வறண்ட புல்வெளியில் பல்லாலேயே மண்ணைச் சுரண்டிக் கூட்டங்கூட்டமாக வளை அமைத்து வாழ்ந்திருக்கிறது. பல் எப்படிப்பட்டது என்று மண்டையோடு காட்டும். அந்தப் பல் என்ன வேலை செய்தது என்று காட்டியது வளைதான்.

வடிவத்தை மட்டும் நம்பி முடிவுகட்டவும் கூடாது. தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியிலும் திருகு வளைகள் உண்டு. அவை சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. தோண்டியது டைக்டோடான், பீவருக்கு எவ்வகையிலும் நெருங்காத விலங்கு. இரண்டும் ஏன் நேராகத் தோண்டாமல் சுற்றிச் சுற்றி இறங்கின? உள்ளே வெப்பமும் ஈரமும் மாறாதிருக்க என்பர் சிலர். பகைவன் எளிதில் நுழையாதிருக்க என்பர் வேறு சிலர். எனக்கு முதலாவதே பொருத்தமாகப் படுகிறது. அந்த ஊனுண்ணி உள்ளே நுழைந்துதானே கிடந்தது!