ஓடிபி கேட்கும் முன் வாசித்துக் காட்டு

சாதி வன்கொடுமை பற்றி ஒருவர் வாய்மொழியாகப் புகார் சொன்னால், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி அதை எழுதி, கையெழுத்து வாங்கும் முன் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இது அதிகாரியின் பெருந்தன்மை இல்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், 2015 திருத்தம் இதைக் கடமையாகவே எழுதிவைத்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் வேண்டுமென்றே இந்தக் கடமையைத் தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

இப்படி ஒரு விதி ஏன் தேவைப்பட்டது என்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று, கைநாட்டு மட்டும் நம்முடையது. எத்தனை வழக்குகள் அப்படிச் செத்திருக்கின்றன!

இப்போது கைநாட்டு இருந்த இடத்தில் ஓடிபி வந்திருக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் புகார் மனு தயாரிக்கும் செயலி ஒன்றைக் கொண்டுவந்தது. களப்பணியாளர் நடந்ததைக் கேட்டு டைப் செய்வார். பாதிக்கப்பட்டவர் கடைசித் திரையில் சரிபார்த்து 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்துவார். கைபேசிக்கு வரும் ஓடிபியைச் சொன்னதும் மனு வழக்கறிஞருக்குப் போகும், அவர் அதை அச்செடுத்துக் காவல் நிலையத்தில் கொடுப்பார். நல்ல ஏற்பாடுதான். முகப்பில் ஒலிபெருக்கிப் படம் போட்ட பொத்தான்கூட இருந்தது. அழுத்தினால் நிறுவனத்தின் வரவேற்புரையை இனிமையான குரலில் வாசிக்கும். திட்ட விளக்கத்தையும் வாசிக்கும். கடைசித் திரையில் மட்டும் பொத்தான் இல்லை. எதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ, அங்கே செயலி ஊமை.

சண்டை போட்டோம். "கைபேசியிலேயே டாக்பேக் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளலாமே" என்றார்கள். டாக்பேக் பார்வையற்ற தோழர்களுக்காகச் செய்யப்பட்டது. அதை இயக்கினால் கைபேசியைப் பிடிக்கும் பழக்கமே மாறிவிடும். ஒரு தட்டுத் தட்டினால் வாசிக்கும், திறக்க இரண்டு தட்டு, திரையை நகர்த்த இரண்டு விரல். கண் தெரிந்தவர், எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிக்கத் தெரிந்தவர், அதில் மாட்டிக்கொண்டு கைபேசி கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவருக்கு வேண்டியது வேறு: வாக்கியத்தின் பக்கத்திலேயே ஒரு பொத்தான், ஓடும் சொல்லின் மேல் நிறம், 'இதை மறுபடி' என்று ஒரு தட்டு. காதும் கண்ணும் சேர்ந்து போனால் அவரால் சரிபார்க்க முடியும்.

முடியும் என்பதை ஓர் அக்கா எங்களுக்குக் காட்டினார். பொத்தானைச் சேர்த்த சோதனைப் பதிப்பு வந்த வாரம் அது. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவரை, நாலு பேர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். டைப் செய்த பையன் எங்கள் ஆள்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முகவரிக் கட்டத்தில் இருந்த வீட்டு எண்ணைப் பார்த்து, சம்பவ இடம் 'வீட்டில்' என்று போட்டுவிட்டான். அக்கா முதலில் தானாகத்தான் வாசித்துப் பார்த்தார். வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோயிற்று. "சரியாத்தாம்பா இருக்கும்" என்றார். பிறகு பொத்தானை அழுத்தினோம். மூன்றாவது வாக்கியத்தில் கையை உயர்த்தி, "வீட்லயா? கொழாயடின்னுல்ல சொன்னேன்!" என்றார்.

அந்த ஒரு சொல்லில் என்ன இருக்கிறது? சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு, அது பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது 3(1) பிரிவு. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், பொதுமக்கள் யாரும் இல்லாமல் வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்தது அந்தப் பிரிவுக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 'வீட்டில்' என்ற சொல்லோடு மனு போயிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாயைத் திறக்கவே தேவையிருந்திருக்காது.

பொத்தான் வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இனி நாங்கள் பட்டதைச் சொல்கிறோம். அதே சோதனைப் பதிப்பை இன்னொருவரின் மலிவு விலைக் கைபேசியில் போட்டால் சத்தமே வரவில்லை. செயலியில் கோளாறு இல்லை. அந்தக் கைபேசியில் தமிழ்க் குரல் தரவிறங்கியிருக்கவில்லை. தமிழ் கேட்டால் ஆண்ட்ராய்டு `LANG_MISSING_DATA` என்று பதில் சொல்லும். செய்தவர்கள் அந்தப் பதிலைப் பார்க்கவே இல்லை. ஆங்கிலக் குரலிடம் தமிழ் எழுத்தைக் கொடுத்தார்கள், அது பேசாமல் தாண்டிப் போனது. அவர்கள் மேசையில் இருந்த விலையுயர்ந்த கைபேசிகளில் எல்லாம் பேசியதாம். பேசாமல் என்ன செய்யும்?

எங்கள் கோரிக்கை எளிது. 'குற்றம் நடந்த இடம்', 'ஒப்புக்கொள்கிறேன் என்றால் என்ன பொருள்' போன்ற மாறாத வரிகளை மனிதக் குரலில், எங்கள் ஊர்ப் பேச்சில் பதிவு செய்து செயலிக்குள்ளேயே வையுங்கள். 32 கேபிபிஎஸ் தரத்தில் அரை நிமிடப் பேச்சு 120 கேபிதான், உங்கள் முகப்புப் படத்துக்கு இதைவிட அதிகம் செலவழித்திருப்பீர்கள். அவரவர் சொன்ன சம்பவத்துக்கு மட்டும் இயந்திரக் குரல் போதும். அந்தக் குரல் கைபேசியில் இல்லையென்றால் அதைத் திரையில் சொல்லி, ஓடிபி கேட்பதை நிறுத்துங்கள்.

எண்களிலும் ஓர் ஆபத்து. '12.03.2024' என்ற தேதியைப் புள்ளி புள்ளியாக வாசித்தது. 'ரூ.1,00,000' என்பதைக் காற்புள்ளியில் உடைத்து ஒன்று, சுழியம் சுழியம் என்றது. கேட்பவருக்குத் தொகையே புரியாது. குரலுக்குக் கொடுக்கும்போது 'மார்ச் பன்னிரண்டு', 'ஒரு லட்சம் ரூபாய்' என்று சொல்லாக மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றம் அதோடு நிற்கட்டும். நீளமாக இருக்கிறது என்று சம்பவத்தைச் சுருக்கி வாசிக்கலாம் என ஒரு யோசனை வந்தது. கூடாது. சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது 'குழாயடி'தான்.

கடைசியாக ஒன்று, இதைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. புகாரில் வசவுச் சொல்லை அப்படியே எழுத வேண்டும். அதை இயந்திரம் அப்படியே உரக்க வாசிக்கும். ஒற்றை அறை வீடு, பக்கத்தில் பிள்ளைகள், திண்ணையில் ஊர்க்காரர். எனவே குரல் தானாகத் தொடங்கவே கூடாது. காதில் இயர்போன் இருக்கும்போது வாசித்து, வயர் கழன்றால் அந்த நொடியே நிற்க வேண்டும். வயர் கழன்றதைக் கைபேசி செயலிக்குத் தெரிவிக்கவே செய்கிறது, பாட்டுச் செயலிகள் எல்லாம் அதைக் கேட்டு நின்றுவிடுகின்றன. இந்தச் செயலி நிற்கவில்லை. அக்காவின் வயர் கழன்றபோது அந்தச் சொல் கூடம் முழுக்கக் கேட்டது. அவருடைய மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

திருத்திய பதிப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை எங்கள் களப்பணியாளர்கள் கடைசித் திரையைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் திருப்பி, சொல்லின் கீழ் விரல் வைத்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் தாங்களே வாசிக்கிறார்கள். இடம், நேரம், பார்த்தவர்கள் என்ற மூன்றையும் அவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஓடிபி கேட்கிறார்கள்.